டெக் பேக்கையும் அளவுத் தாளையும் வாசிப்பது எப்படி: ஆடைத் தொழிற்சாலைக்குப் பயிலுநராகச் செல்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொழும்புப் பக்கத்துக்கோ ஆடைத் தொழிற்சாலைப் பயிற்சிக்குச் செல்லும் ஒருவரிடம், முதற் கிழமையிலேயே ஒரு கோப்பைக் கொடுத்து, ஒரு ரீசேர்ட்டையும் அளவு நாடாவையும் மேசையில் வைத்து, "அளந்து எழுதிக் கொண்டு வாருங்கள்" என்பார்கள். ஓர் ஆடையை எப்படித் தைக்க வேண்டும் என்று கொள்வனவாளர் எழுதித் தரும் அந்தக் கோப்புத்தான் டெக் பேக். அதன் நடுவில் எண்கள் நிறைந்திருக்கும் பக்கம் அளவுத் தாள். இவற்றை எப்படி வாசிப்பது என்று எனக்கு யாரும் இருத்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்து மேசைகளைப் பார்த்தும், திருப்பி அனுப்பப்பட்ட தாள்களைத் திரும்பத் திரும்பப் படித்துமே கற்றுக்கொண்டேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, வட்டக் கழுத்துள்ள ஒரு சாதாரண ரீசேர்ட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, கோப்பைத் திறப்பது முதல் அளவு அறிக்கையைக் கொடுப்பது வரை உள்ள வேலையை ஒழுங்காக எழுதுகிறேன்.

1. அளவைப் பார்க்க முன்னர் பதிப்பைப் பாருங்கள்

டெக் பேக் ஒருமுறை எழுதி முடிக்கப்படும் ஆவணம் அல்ல. முதற் சாம்பிளைப் பார்த்த பின்னர் கொள்வனவாளர் கழுத்தைச் சிறிது குறைக்கச் சொல்வார். அடுத்த சாம்பிளுக்குப் பிறகு நீளத்தைக் கூட்டச் சொல்வார். ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு வரும். பழைய பதிப்பும் அதே கணினிக் கோப்புறையில், பெரும்பாலும் அதே பெயரோடு கிடக்கும். ஆகவே முதற் பக்கத்தில் உள்ள ஸ்டைல் இலக்கம், பருவம், திகதி, திருத்த எண் ஆகிய நான்கையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிய பின்னரே அடுத்த பக்கத்துக்குச் செல்லுங்கள். சாம்பிளில் தொங்கும் அட்டையிலும் ஸ்டைல் இலக்கமும் சாம்பிளின் கட்டமும் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சாம்பிள் எந்தப் பதிப்பைப் பார்த்துத் தைக்கப்பட்டது என்பதை, கொள்வனவாளரோடு தொடர்பாடும் மேர்ச்சண்டைசரிடமோ சாம்பிள் அறையிலோ கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. கொள்வனவாளரின் புதிய கருத்து சில வேளைகளில் மின்னஞ்சலில் மட்டுமோ கோப்பின் கடைசியில் உள்ள கருத்துப் பக்கத்தில் மட்டுமோ இருக்கும். அளவுத் தாளில் பழைய எண்ணே நிற்கும். "கழுத்து அகலத்தை 0.5 சென்றிமீற்றர் குறைக்கவும்" என்று கருத்துப் பக்கம் சொல்லும்போது தாளில் 18.5 என்று இருந்தால், அது குறைப்பதற்கு முந்திய எண்ணா குறைத்த பின் வந்த எண்ணா என்பதை ஊகித்து முடிவுசெய்யக் கூடாது. கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அச்சிடும்போது அளவுத் தாளை ஏ3 தாளில் எடுப்பது நல்லது. ஏ4 தாளில் அடக்கினால் பின்ன எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி, 3/8 என்பது 5/8 போலத் தெரியும். தொழிற்சாலைக்குள் அச்சிட்டால் செலவு உங்களுடையதல்ல. ஆனால் இந்தக் கோப்பை வெளியே கொண்டுபோய் போட்டோகொப்பிக் கடையில் பிரதி எடுப்பதையோ, கைத்தொலைபேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவதையோ செய்ய வேண்டாம். சந்தைக்கு வராத ஆடையின் வடிவமைப்பு கொள்வனவாளருக்கு உரியது. பயிற்சியில் சேரும்போது நீங்கள் கையெழுத்திடும் இரகசியக் காப்பு உடன்படிக்கை இதற்கும் பொருந்தும்.

2. வரைபடப் பக்கத்தையும் தையல் விபரப் பக்கத்தையும் படியுங்கள்

நேரே எண்களுக்குப் போக மனம் விரும்பும். ஆனால் ஒரு எண் ஆடையின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை வரைபடமே காட்டும். முன்பக்க, பின்பக்க வரைபடங்களில் அம்புக்குறிகளும் எழுத்துகளும் இருக்கும். அதே எழுத்துகள் அளவுத் தாளின் முதல் நிரலில் வரும்.

தையல் விபரப் பக்கத்தில் அளவு பார்ப்பவருக்கு மூன்று செய்திகள் வேண்டும். முதலாவது, எந்தத் தையல் எங்கே என்பது. எண்களாக எழுதியிருப்பார்கள்: 514 என்றால் நான்கு நூல் ஓவர்லொக், 406 என்றால் இரண்டு ஊசி கொண்டு கீழ்மடிப்பு அடிக்கும் தையல், எங்கள் தொழிற்சாலைத் தளத்தில் இதை ஃபிளற்லொக் என்றே சொல்வார்கள். இரண்டாவது, தையலுக்காக விடப்படும் ஓரம் எவ்வளவு என்பது. மூன்றாவது, கீழ்மடிப்பின் உயரமும் கழுத்தைச் சுற்றிப் பொருத்தும் ரிப் பட்டியின் உயரமும். இவை சிறிய எண்கள் என்பதால் பலர் தாண்டிச் சென்றுவிடுவார்கள். பெரிய அளவுகள் பிழைக்கும்போது காரணம் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். ஆறாவது படியில் அதைப் பார்ப்போம்.

துணியும் உதிரிப் பொருட்களும் பட்டியலிடப்பட்ட பக்கத்தில், துணியின் வகையையும் சதுர மீற்றருக்கான கிராம் எடையையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லேபிள், பொதியிடல் பக்கங்களை இப்போதைக்கு விடலாம்.

3. அளவுத் தாளின் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள்

தாளின் இடது ஓரத்தில் POM என்ற தலைப்பு இருக்கும். அளக்க வேண்டிய இடங்களின் பட்டியல் அது. அதையடுத்து ஒவ்வோர் இடத்துக்குமான விளக்கம், பின்னர் Tol என்ற தலைப்பில், அனுமதிக்கப்படும் விலகலான டொலரன்ஸ், பின்னர் S, M, L என்று அளவுகள் வரும். இவற்றுள் ஒன்று, பெரும்பாலும் M, நிறமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். முதற் சாம்பிள்கள் அந்த அளவிலேயே தைக்கப்படும். மற்றவை அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் பெறப்பட்டவை.

நம்மூர் தையற்கடையில் மார்பளவு என்றால் உடலைச் சுற்றி எடுப்பது. தொழிற்சாலையில் ஆடையை மேசையில் விரித்து, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு எடுப்பார்கள். ஆகவே M அளவுக்கு 53 சென்றிமீற்றர் என்று இருந்தால் அது அரை அளவு, சுற்றளவு 106. சில கொள்வனவாளர்கள் முழுச் சுற்றளவையே எழுதுவார்கள். விளக்கத்தில் 1/2 என்ற குறி உண்டா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் எண்ணே சொல்லிவிடும்: வளர்ந்தவரின் ரீசேர்ட்டுக்கு விரித்த நிலையில் 106 வர முடியாது. டொலரன்ஸும் அதோடு சேர்ந்தது. முழு அளவுக்கு ±2 என்றால் அரை அளவுக்கு ±1. ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் விடுவது மிகவும் பொதுவான பிழை.

இனி HPS. தோளின் மிக உயர்ந்த இடம் என்பது இதன் பொருள். உடல் நீளம், கழுத்து ஆழம், அச்சுப் படத்தின் இடம் எல்லாம் இங்கிருந்தே அளக்கப்படுகின்றன. எனவே இதைப் பிழையாகப் பிடித்தால் நாலைந்து வரிகள் ஒன்றாகப் பிழைக்கும். சாதாரண ரீசேர்ட்டில் தோள் தையல் கழுத்துத் தையலைச் சந்திக்கும் இடமே HPS. ஆனால் சில ஸ்டைல்களில் தோள் தையலை முன்பக்கமாக ஒன்று, ஒன்றரை சென்றிமீற்றர் தள்ளி வைத்திருப்பார்கள். அப்படியான ஆடையில் தையல் HPS அல்ல. பக்கத் தையல்கள் ஒன்றின் மேல் ஒன்று அமையும்படி ஆடையை மடித்து விரித்தால் தோளில் இயல்பாக ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு கழுத்தைத் தொடும் இடமே HPS. தையல் விபரப் பக்கத்தில் தோள் முன்தள்ளல் பற்றிய வரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். மார்பளவு கைக்குழியின் அடியிலேயே எடுக்கப்படுகிறதா, அதற்கு 2.5 சென்றிமீற்றர் கீழே எடுக்கப்படுகிறதா? கழுத்து அகலம் தையலிலிருந்து தையலுக்கா, ரிப்பின் உள் ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கா? இரண்டாவதில் வித்தியாசம் பெரிது: ரிப் 1.8 உயரம் என்றால், இரு பக்கமும் சேர்த்து 3.6 சென்றிமீற்றர் மாறிவிடும்.

தாள் அங்குலத்தில் இருந்தால் பின்னங்களைக் கவனமாக எடுங்கள். 20 7/8 அங்குலம் என்பது 20.875, அது 53 சென்றிமீற்றர். அதை 20.7 என்று எழுதிவிட்டால் கிட்டத்தட்ட அரைச் சென்றிமீற்றர் காணாமற் போகும். எக்செலில் தட்டும்போது வேறொரு தொல்லை வரும். `1/4` என்று தட்டினால் அது திகதியாக மாறிவிடும். முன்னால் ஒரு பூச்சியமும் இடைவெளியும் விட்டு `0 1/4` என்று தட்டினால் பின்னமாகவே நிற்கும். ஒரு தாளை முழுவதும் அங்குலத்திலோ முழுவதும் சென்றிமீற்றரிலோ வைத்திருங்கள். பாதியில் மாற்ற வேண்டாம்.

4. டொலரன்ஸ் எதற்கு இடம் கொடுக்கிறது, எதற்குக் கொடுக்கவில்லை

துணி வளையும், இழுபடும். ஆயிரம் ஆடையும் ஒரே அளவில் வராது. அதற்காக விடப்படும் இடமே டொலரன்ஸ். தாளில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வெவ்வேறு எண்கள் இருக்கலாம் என்பதால் இரண்டு நிரல்களையும் பாருங்கள். கழுத்தை இழுத்து அளக்கும் வரிக்குக் கழித்தல் பக்கம் கிடையாது. அது குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போனால் தலை நுழையாது. சிறுவர் ஆடைகளில் இதை மிகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

டொலரன்ஸுக்குள் இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். உடல் நீளம் M அளவுக்கு 71, L அளவுக்கு 73, டொலரன்ஸ் ±1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு M ஆடை 72 வந்தால் அது தேறும். ஒரு L ஆடை 72 வந்தால் அதுவும் தேறும். இரண்டையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் நீளம் ஒன்றாகவே இருக்கும். எல்லா அளவுகளிலும் தைத்து அனுப்பும் கட்டத்தில், ஒவ்வோர் ஆடையும் தன்னளவில் தேறியதா என்பதோடு, அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையேயான வித்தியாசம் தாளில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தாளிலேயே அந்த வித்தியாசத்தை ஒருமுறை கழித்துப் பாருங்கள். மார்பளவு 50.5, 53, 55.5, 58 என்று 2.5 ஆகக் கூடிவந்து, XXL அளவில் 61 என்று 3 ஆகக் கூடினால் அது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்யப்பட்டது. பெரிய அளவுகளில் இடைவெளி கூடுவது வழக்கம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் 1.5 என்று வந்தால் அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். துணியை வெட்டப் பயன்படும் கடதாசி வடிவமான பற்றனை வெட்டுவதற்கு முன்னர் கேட்டால் ஒரு மின்னஞ்சலோடு முடியும்.

5. அளக்கும் ஒழுங்கு

நாடாவை முதலில் சோதியுங்கள். தையற்பொருட் கடையில் வாங்கும் நாடா பழகப் பழக நீளும். அதன் உலோக முனையும் தளரும். ஓர் உருக்கு அடிமட்டத்தோடு பொருத்திப் பார்த்து, விலகினால் வேறு நாடா எடுங்கள். தொழிற்சாலையில் பரிசோதித்து முத்திரை ஒட்டிய நாடாக்கள் இருந்தால் அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

பின்னல் துணி அழுத்தியவுடன் சூட்டில் ஒரு அளவும் ஆறிய பின் இன்னொரு அளவும் காட்டும். ஆகவே அழுத்தியிலிருந்து வந்த ஆடையை உடனே அளக்காமல் விரித்து ஆறவிடுங்கள். எவ்வளவு நேரம் என்பது கொள்வனவாளரின் அளவீட்டு ஏட்டில் எழுதியிருக்கும். முடிந்தால் அழுத்த முன் ஒருமுறையும் அழுத்தி ஆறிய பின் ஒருமுறையும் அளந்து, இரண்டையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள். ஆடை முழுவதும் மேசையில் அடங்க வேண்டும். கீழ்ப்பகுதி ஓரத்தில் தொங்கினால் தன் எடையாலேயே நீளம் கூடும். கையால் தடவிச் சுருக்கம் எடுக்கலாம், இழுக்கக் கூடாது.

எண்ணை எழுதும்போது நீங்கள் கண்டதை எழுதுங்கள். தாளில் 53 என்று இருக்கிறதே என்பதற்காக 52.8 ஐ 53 என்று முழுமையாக்கினால், பின்னர் யாராலும் காரணத்தைத் தேட முடியாது. தாளின் எண்களை மறைத்து வைத்து அளப்பது நல்ல பழக்கம்.

6. ஒரு சாம்பிளை அளந்து காரணம் தேடுவோம்

இங்கே ஒரு M அளவுச் சாம்பிளை எடுத்துக்கொள்வோம். அழுத்தி ஆறிய பின் அளந்தது. எண்கள் சென்றிமீற்றரில்.

| அளக்கும் இடம் | தாள் | டொலரன்ஸ் | சாம்பிள் | வித்தியாசம் |
|---|---|---|---|---|
| அரை மார்பு, கைக்குழிக்கு 2.5 கீழே | 53.0 | ±1.0 | 53.4 | +0.4 |
| உடல் நீளம், HPS இலிருந்து | 71.0 | ±1.0 | 69.6 | −1.4 |
| கழுத்து அகலம், தையல் முதல் தையல் வரை | 18.0 | ±0.5 | 18.8 | +0.8 |
| முன் கழுத்து ஆழம், HPS இலிருந்து தையல் வரை | 9.5 | ±0.5 | 9.8 | +0.3 |
| கீழ்மடிப்பு உயரம் | 2.0 | ±0.2 | 2.5 | +0.5 |

மூன்று வரிகள் வெளியே நிற்கின்றன. "நீளம் 1.4 குறைவு, கழுத்து 0.8 கூட, கீழ்மடிப்பு 0.5 கூட" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் அதைப் பெறும் பற்றன் மேக்கர், பற்றனில் நீளத்தை 1.4 கூட்டிவிட்டால் அடுத்த சாம்பிள் மறுபக்கம் விலகும். ஏனென்று பார்ப்போம்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். அகலம் 0.8 கூடியிருக்கிறது என்றால் ஒவ்வொரு பக்கமும் 0.4. ஆழமோ 0.3 மட்டும் கூடியிருக்கிறது. கழுத்து முழுவதும் ஒரே சீராக 0.4 உள்ளே வெட்டுப்பட்டால் இப்படித்தான் வரும். முன் கழுத்தின் அடி 0.4 கீழே போகும். அதே நேரத்தில் HPS உம் வெளியே நகர்ந்து, தோளின் சரிவில் ஒரு மில்லிமீற்றர் அளவு கீழே இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே 0.3. அப்படியானால் இது பற்றன் பிழையாக இல்லாமல், ஓவர்லொக் இயந்திரத்தின் கத்தி ரிப்பைப் பொருத்தும்போது துணி ஓரத்தைக் கூடுதலாகச் சீவியதாக இருக்கலாம். இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. ஆடையின் உட்புறத்தைத் திருப்பி, கழுத்துத் தையலின் ஓரத்தில், வெட்டும் பகுதியில் போட்ட சிறு வெட்டுக்குறிகளைத் தேடுங்கள். முன் நடுவிலும் பின் நடுவிலும் அவை இருந்திருக்க வேண்டும். அவற்றின் சுவடே இல்லை என்றால் கத்தி அவற்றையும் சேர்த்துச் சீவிவிட்டது. பிறகு கடதாசிப் பற்றனின் கழுத்தை அளந்து பாருங்கள். அதில் தையல் ஓரம் போக 18 வந்தால் பற்றனில் குற்றமில்லை.

இனி நீளம். குறைந்த 1.4 இல் கழுத்து நகர்ந்ததால் போனது 0.1 மட்டுமே. கீழ்மடிப்பு 2.0 க்குப் பதிலாக 2.5 ஆக மடிக்கப்பட்டிருப்பதால், மடிப்புக்குள் கூடுதலாகப் போன 0.5 நீளத்தில் குறையும். ஆக 0.6 க்குக் கணக்குக் கிடைத்தது. மீதி 0.8.

இந்த மீதிக்குத்தான் அழுத்த முன் அளந்த நிரல் உதவும். அழுத்த முன் நீளம் 70.4 என்று இருந்து, அழுத்தி ஆறிய பின் 69.6 ஆகியிருந்தால், நீராவியில் துணி சுருங்கியிருக்கிறது. 0.8 ஐ 70.4 ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூட. மார்பளவு குறையாமல் 0.4 கூடியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ஒற்றைப் பின்னல் துணி நீளத்தில் சுருங்கும்போது அகலத்தில் சிறிது விரிவது அடிக்கடி காணப்படும். பற்றனில் HPS இலிருந்து மடிப்புக் கோடு வரை அளந்து, சரியாக 71.0 வந்தால், சுருக்கத்துக்காக எதுவும் விடப்படவில்லை என்று அர்த்தம்.

இப்போது ஒரே −1.4 மூன்று இடங்களுக்குப் பிரிந்துவிட்டது. கழுத்தைப் பொருத்தியவர் துணியைக் கத்திக்கு உள்ளே தள்ளாமல் ஓட்ட வேண்டும். ஃபிளற்லொக் இயந்திரத்தின் மடிப்பு வழிகாட்டியை 2.0 க்குச் சரிப்படுத்த வேண்டும். பற்றன் மேக்கர் நீளத்தில் 0.8 மட்டும் கூட்ட வேண்டும். அவர் 1.4 ஐக் கூட்டியிருந்து, தையற் பிழைகளும் திருத்தப்பட்டிருந்தால், அடுத்த சாம்பிள் 71.6 வரும். அது டொலரன்ஸுக்குள் இருக்கிறது என்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். துணிச் செலவு மட்டும் கூடும்.

அது எவ்வளவு என்று ஒரு கணக்கு. வெட்டக்கூடிய அகலம் 1.8 மீற்றர் உள்ள துணியில், M அளவின் உடற் பகுதிகள் குறுக்கே மூன்று அடங்குகின்றன என்று கொள்வோம். ஒரு ஆடைக்கு முன், பின் என்று இரண்டு பகுதிகள் வேண்டும். ஆகவே நீளத்தில் 1 சென்றிமீற்றர் கூடினால் ஒரு ஆடைக்கு ஏறத்தாழ 0.67 சென்றிமீற்றர் துணி கூடுதலாகத் தேவை. 20,000 ஆடைகளுக்கு அது 133 மீற்றர். சதுர மீற்றருக்கு 160 கிராம் என்றால் 38 கிலோகிராம். துணி கிலோ கணக்கில் வாங்கப்படுவதால், உங்கள் தொழிற்சாலை கொடுக்கும் விலையால் பெருக்கினால் ரூபாக் கணக்கு வந்துவிடும். மேலே சொன்ன 0.6 க்கு இதில் பாதிக்குச் சற்றுக் கூட.

7. அறிக்கை எழுதுவதும் அனுப்புவதும்

சாம்பிளோடு அளவு அறிக்கையும் போக வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் பொதியை எடுக்கக் கூரியர்காரர் வரும் நேரம் குறித்ததாக இருக்கும். அறிக்கை முடியாவிட்டால் சாம்பிளும் அன்றைக்குப் போகாது. ஆகவே தைத்து முடிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: ஆடை ஆறும் நேரம், அளக்கும் நேரம், மேற்பார்வையாளர் மறுபடி அளந்து பார்க்கும் நேரம். கொள்வனவாளரின் கருத்து வரச் சில நாட்களும் ஆகலாம், ஒரு கிழமைக்கு மேலும் ஆகலாம். தவறான அறிக்கை போனால் அந்தக் காத்திருப்பும் கூரியர் கட்டணமும் இன்னொருமுறை வரும்.

அறிக்கையில் டொலரன்ஸுக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு வரிக்கும் நேரே, காரணமும் செய்யப்போகும் திருத்தமும் எழுதுங்கள். "அடுத்த முறை சரிசெய்யப்படும்" என்ற வசனம் எதையும் சொல்லவில்லை. "கீழ்மடிப்பு 2.5 மடிக்கப்பட்டது, வழிகாட்டி 2.0 க்கு மாற்றப்பட்டது" என்பது போதும். உறுதியாகத் தெரியாத காரணத்தை உறுதிபோல எழுத வேண்டாம். சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினால் பெரும்பாலான கொள்வனவாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அளந்தவர் பெயர், திகதி, டெக் பேக்கின் திருத்த எண், அழுத்த முன்னா பின்னா என்ற நான்கும் தாளின் மேல் மூலையில் இருக்க வேண்டும்.

உங்கள் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சாம்பிள் வரும்போது அதே ஒழுங்கில், அதே வரிகளை, இரண்டு சாம்பிள்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி எழுதினால், திருத்தம் வேலை செய்ததா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

8. பயிற்சி அறிக்கைக்கு அனுமதி

பல்கலைக்கழகமோ தொழிற்பயிற்சி நிறுவனமோ பயிற்சியின் முடிவில் அறிக்கை கேட்கும். அதில் உண்மையான டெக் பேக்கின் பக்கங்களை இணைக்க எல்லோரும் விரும்புவார்கள். அதற்குத் தொழிற்சாலையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். சில வேளைகளில் தொழிற்சாலை கொள்வனவாளரிடமும் கேட்க வேண்டியிருக்கும். இதற்குக் கிழமைகள் எடுக்கும் என்பதால், கடைசி மாதத்தில் அல்ல, பயிற்சியின் நடுப்பகுதியிலேயே மனித வளப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். எந்தப் பக்கங்கள், யாருக்குக் காட்டப்படும், பிரதி எங்கே வைக்கப்படும் என்பவற்றைக் கடிதத்தில் குறிப்பிட்டால் பதில் விரைவாக வரும்.

அனுமதி கிடைக்காவிட்டால், மேலே உள்ளதுபோன்ற ஓர் அட்டவணையை நீங்களே அமையுங்கள். ஸ்டைல் இலக்கமும் கொள்வனவாளரின் பெயரும் இல்லாமல், எண்களையும் மாற்றி, காரணம் தேடிய வழியை மட்டும் அப்படியே எழுதலாம். அந்தப் பக்கத்தை ஒப்படைக்க முன்னர் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.